சென்னையில் ஃபிளாட் வாடகை விளம்பரத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஃபிளாட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்காகப் பல ஆண்டுகளாக விளம்பர வாசகம் எழுதி வருகிறேன். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். விற்பனை விளம்பரத்துக்குப் பத்திரம், பட்டா, பிரிபடாத நிலப் பங்கு என்று வேறு கணக்குகள் உண்டு. அவற்றை இங்கே தொடவில்லை.

ஆங்கில விளம்பரம் தயாராக இருக்கிறது. அதை அப்படியே தமிழில் மொழிபெயர்த்துப் போட்டால் போதாதா?

போதாது. சென்னையில் ஆங்கில விளம்பரத்தைப் படித்துவிட்டு அழைப்பவர்களில் பெரும்பாலோர் வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அல்லது வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள். தமிழ் விளம்பரத்தைப் படிப்பவர்கள் இந்த ஊரின் வாடகை வழக்கங்களை அறிந்தவர்கள். ஒரே வீட்டைப் பற்றி இவ்விருவருக்கும் எழும் கேள்விகள் வேறு வேறு. ஆங்கில வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது தமிழ் வாசகருக்கு முன்பே தெரிந்திருக்கும். தமிழ் வாசகர் முதலில் கேட்கும் ஒன்று ஆங்கில வாசகத்தில் இடம்பெற்றே இருக்காது. ஒன்றிலிருந்து மற்றொன்றை மொழிபெயர்த்தால், முதலில் எழுதியதில் விடுபட்டது இரண்டிலும் விடுபட்டுப்போகும்.

ஆகவே நான் விளம்பரத்தை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் விவரக் குறிப்பு எழுதுகிறேன். வீட்டுக்கே போய் டேப் வைத்து அளந்து, வாசல் எந்தத் திசை, எந்த மாடி, எத்தனை மீட்டர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வண்டி எங்கே நிற்கும், வாடகை எவ்வளவு, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதி முதல் குடிவரலாம் என்பதையெல்லாம் ஒவ்வொரு வரியாகக் குறிக்கிறேன். பிறகு அந்தத் தாளை மட்டும் பார்த்துத் தமிழ் வாசகத்தை எழுதுகிறேன். அதை மூடி வைத்துவிட்டு, மீண்டும் அதே தாளைப் பார்த்து ஆங்கில வாசகத்தை எழுதுகிறேன். இரண்டும் வரிக்கு வரி ஒத்திருக்காது. ஆனால் எந்த எண்ணும் எந்த நிபந்தனையும் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போகாது.

"அட்வான்ஸ்" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்தானே?

தமிழ் வாசகருக்குப் புரியும். குடியிருக்கும் வரை உரிமையாளரிடம் இருந்து, காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் தொகைதான் சென்னையில் அட்வான்ஸ். ஆனால் ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே படிப்பவருக்கு அந்தச் சொல் முன்கூட்டியே செலுத்தும் வாடகையைக் குறிக்கும். மூன்று மாத அட்வான்ஸ் என்று படித்துவிட்டு, முதல் மூன்று மாதம் வாடகை தர வேண்டியதில்லை என்று நம்பி வந்தவர் ஒருவரை நானே சந்தித்திருக்கிறேன். அவர் ஏமாற்ற வந்தவர் அல்லர்; நாங்கள் எழுதிய ஆங்கிலம் அவருக்கு அப்படித்தான் சொன்னது. அதனால் ஆங்கிலப் பாதியில், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று பொருள்படும் சொல்லையே எழுதுகிறேன். தமிழ்ப் பாதியில் அட்வான்ஸ் என்றே இருக்கட்டும். அங்கே "பாதுகாப்பு வைப்புத்தொகை" என்று எழுதினால் வங்கிப் படிவத்தைப் படிப்பது போலிருக்கும்.

தொகையையும் மாதக் கணக்கையும் சேர்த்தே எழுதுவது நல்லது. சென்னையில் நெடுங்காலமாகப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் இருந்தது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. பழைய வழக்கத்தை மனத்தில் வைத்திருக்கும் தமிழ் வாசகருக்கு, "மூன்று மாத வாடகை" என்ற சொற்கள் தொகையை விட விரைவாகச் செய்தியைச் சொல்லிவிடும்.

மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகைக்கு விடுகிறேன். "லீசுக்கு" என்று இரண்டு மொழியிலும் எழுதலாமா?

தமிழில் எழுதலாம். ஒத்தி, போக்கியம் என்று ஊருக்கு ஊர் வழங்கினாலும் சென்னையில் லீஸ் என்றாலே, ஒரு பெருந்தொகையைக் கொடுத்து மாத வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்ததும் அந்தத் தொகையை வட்டியில்லாமல் திரும்பப் பெறும் ஏற்பாடு என்று எவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அச்சொல் சாதாரண வாடகை ஒப்பந்தத்தைக் குறிக்கும். 8 லட்சம் என்ற எண்ணை அதன் அருகில் பார்க்கும் வெளியூர்க்காரர் அதை ஆண்டு வாடகை என்றோ அச்சுப்பிழை என்றோ நினைத்துக் கடந்துபோவார். ஆகவே ஆங்கிலப் பாதியில் ஒரு முழு வாக்கியம் தேவை: மாத வாடகை கிடையாது, தொகை இவ்வளவு, இத்தனை ஆண்டு கழித்து முழுதும் திருப்பித் தரப்படும். தமிழில் மூன்று சொல்லில் முடிவது ஆங்கிலத்தில் இருபது சொல் எடுத்துக்கொண்டால் தவறில்லை.

"ஈஸ்ட் ஃபேசிங்" என்று போட்டிருந்தேன். பார்க்க வந்தவர், பால்கனி வடக்கே அல்லவா இருக்கிறது என்று கேட்டார். நான் எழுதியது தவறா?

நீங்கள் மனத்தில் கொண்டது தவறில்லை. எழுதியது இரண்டு பொருள் தந்துவிட்டது. தமிழில் கிழக்குப் பார்த்த வீடு என்றால் தலைவாசல் கிழக்கே இருக்கிறது என்று பொருள். வாஸ்து பார்ப்பவர் கேட்பதும் அதுதான். வெளிநாட்டில் வாழ்ந்தவர் அதே சொல்லை ஆங்கிலத்தில் படித்தால், ஹாலின் பெரிய சன்னலும் பால்கனியும் கிழக்கே திறக்கின்றன, காலை வெயில் உள்ளே வரும் என்று எண்ணிக்கொள்வார். அடுக்குமாடியில் மூன்றாவது குழப்பமும் சேர்கிறது. கட்டடத்தின் முகப்பு தெருவைப் பார்த்துக் கிழக்கே இருக்கும். உங்கள் ஃபிளாட்டின் கதவோ உள் நடையில் மேற்கே திறக்கும். சில உரிமையாளர்கள் கட்டடத்தின் திசையையே வீட்டின் திசையாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஃபிளாட்டின் கதவுக்கு உள்ளே நின்று வெளியே பார்த்தபடி கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பாருங்கள். இரும்பு கிரில் கதவுக்கு ஒட்டி நின்றால் முள் பிசகும். இரண்டு மூன்று அடி தள்ளி நில்லுங்கள். பிறகு பால்கனியில் நின்று ஒருமுறை பாருங்கள். தமிழில் "வாசல் கிழக்கு, பால்கனி வடக்கு" என்று நான்கே சொல் போதும். ஆங்கிலத்திலும் கதவு எந்தப் பக்கம், பால்கனி எந்தப் பக்கம் என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டால் இந்தக் கேள்வி எழாது.

மாடி எண்ணில் என்ன குழப்பம் வரப்போகிறது?

தரைத் தளத்துக்கு மேலே இருப்பதை நாம் முதல் மாடி என்கிறோம். இந்திய ஆங்கிலமும் அப்படியே. அமெரிக்காவிலிருந்து திரும்புகிறவர் தரைத் தளத்தையே முதல் தளம் என்று எண்ணிப் பழகியவர். போதாக்குறைக்கு, இப்போது கட்டப்படும் பல கட்டடங்களில் தரைமட்டம் முழுதும் தூண்களுக்கிடையே வண்டி நிறுத்துமிடமாக, நம் பேச்சில் ஸ்டில்ட்டாக, இருக்கிறது. "வண்டி நிறுத்துமிடத்துக்கு மேல் முதல் மாடி, லிஃப்ட் உண்டு" என்று எழுதிவிட்டால், முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு வருகிறவர் எத்தனை படி ஏற வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்வார்.

பரப்பளவில் எந்த எண்ணைப் போடுவது? பில்டர் தந்த தாளில் 1,000 சதுர அடி என்று இருக்கிறது.

அந்த 1,000 என்பதில் படிக்கட்டு, லிஃப்ட், பொது நடை ஆகியவற்றில் உங்கள் பங்கும் சேர்ந்திருக்கும். கட்டிலும் அலமாரியும் போட அது பயன்படாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியா என்பதற்கு வரையறை தந்திருக்கிறது: வெளிச்சுவர், பொதுக் குழாய்ப் பாதை, பால்கனி, தனி மொட்டைமாடி ஆகியவை நீங்கலாக, உட்சுவர்களைச் சேர்த்து, வீட்டுக்குள் புழங்கும் பரப்பு. அந்தச் சட்டம் பில்டர் விற்பதைப் பற்றியது என்றாலும் வாடகைக்கும் அந்த எண்ணே நேர்மையானது.

நான் கீழே எடுத்துக்காட்டும் நங்கநல்லூர் ஃபிளாட்டில், தாளில் 1,000 என்று இருந்தது அளந்தபோது 720 சதுர அடியாக வந்தது. உரிமையாளருக்கு வருத்தம்தான். ஆனால் ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் மற்றொன்றும் போட்டால், இரண்டையும் படிப்பவர் குறைந்ததையே நம்புவார், கூடுதல் எண்ணை எழுதியவர் மீது ஐயமும் கொள்வார். தமிழில் "தரைவிரிப்புப் பரப்பு" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருப்பதைச் சில இடங்களில் பார்க்கிறேன். வீடு தேடுகிறவர் எவரும் அப்படிச் சொல்வதில்லை. "உள்ளே புழங்கும் இடம் 720 சதுர அடி" என்றோ கார்பெட் ஏரியா என்றோ எழுதினால் போதும்.

தமிழ்ப் பாதியில் பெட்ரூம் என்று எழுதுவதா, படுக்கையறை என்று எழுதுவதா?

இரண்டும் இயல்பானவையே. ஆனால் ஒரு விளம்பரத்துக்குள் ஒன்றையே பின்பற்றுங்கள். ஹால், லிஃப்ட், பால்கனி, கீசர், பார்க்கிங் ஆகியவை வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்டன. ஹாலைக் கூடம் என்றும் லிஃப்டை மின்தூக்கி என்றும் எழுதினால், படிப்பவர் ஒரு கணம் நின்று, தனக்குத் தெரிந்த சொல்லுக்கு மாற்றிக்கொண்டு மேலே போக வேண்டியிருக்கிறது. மறுபக்கம் சமையலறை, பூஜை அறை, பரண், மொட்டைமாடி ஆகிய நல்ல சொற்கள் புழக்கத்தில் இருக்கும்போது அவற்றை விட்டு ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டியதில்லை.

சொல்லைவிட வாக்கிய அமைப்பில்தான் மொழிபெயர்ப்பு வாடை அதிகம் வீசுகிறது. "நகரின் இதயத்தில் அமைந்துள்ள", "அனைத்து வசதிகளும் நடைதூரத்தில்", "உடனடியாகக் கிடைக்கிறது" என்ற தொடர்களைத் தமிழில் வீடு விடுகிறவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் "பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே இருக்கிறது, பின் தெருவில் காய்கறிக் கடை" என்பார். "ஒன்றாம் தேதி முதல் குடிவரலாம்" என்பார். எழுதும்போது அதைச் சற்றுச் செம்மையாக்கினால் விளம்பரத் தமிழ் வந்துவிடும்.

"செமி ஃபர்னிஷ்ட்" என்பதை மட்டும் எந்த மொழியிலும் தனியே விடாதீர்கள். சென்னையில் அது பெரும்பாலும் மின்விசிறி, விளக்கு, சுவர் அலமாரி ஆகியவற்றைத்தான் குறிக்கிறது. வெளியூர் வாசகர் கட்டிலும் சோபாவும் இருக்கும் என்று வருகிறார். இருப்பவற்றை எண்ணி எழுதுங்கள்: மின்விசிறி 4, கீசர் 1, படுக்கையறைகளில் அலமாரி.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்துக் கூட்டலில் எழுதுவது?

தேடுகிறவர் தட்டச்சு செய்யும் கூட்டலில் எழுதுங்கள். ரயில் நிலையப் பலகையும் அஞ்சல் முகவரியும் அதற்கு நல்ல அளவுகோல். பழவந்தாங்கலுக்கு `Pazhavanthangal` என்பதே பலகையில் உள்ளது. ழகரத்துக்கு `zh` போடும் வழக்கம் தமிழ் தெரியாதவருக்கு விளங்காதுதான். ஆனாலும் வரைபடத்தில் அது இருப்பதால் நீங்கள் புதிதாக ஒன்றை ஆக்கினால் அவரால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கிலக் கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. பழைய கூட்டல்களே புழக்கத்தில் உள்ளன.

சில இடங்களுக்கு ஆங்கிலத்தில் முற்றிலும் வேறு பெயர். திருவல்லிக்கேணிக்கு `Triplicane`, எழும்பூருக்கு `Egmore`, பரங்கிமலைக்கு `St. Thomas Mount`. ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் "டிரிப்ளிகேன்" என்று எழுதுவதையும், தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நீட்டி எழுதுவதையும் தவிர்த்து, அந்தந்தப் பாதியில் அந்தந்த மொழியின் பெயரை எழுதுங்கள்.

"24 மணி நேரத் தண்ணீர்" என்று எழுதியும் எல்லோரும் தண்ணீரைப் பற்றியே கேட்கிறார்களே?

அந்தத் தொடர் இந்த ஊரில் எதையும் சொல்வதில்லை. மேல்தொட்டி நிரம்பியிருந்தால் குழாயில் எப்போதும் தண்ணீர் வரும். தொட்டிக்குள் வருவது எது என்பதுதான் கேள்வி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, லாரிக்காகத் தெருத்தெருவாகக் காத்திருந்ததைச் சென்னைக்காரர் எவரும் மறக்கவில்லை. ஆகவே தமிழ் வாசகர் நான்கு விவரங்களை எதிர்பார்க்கிறார்: போர்வெல் இருக்கிறதா, அது உப்பா நல்ல தண்ணீரா, மெட்ரோ தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை சம்ப்புக்கு வருகிறது, கோடையில் லாரி வாங்கினால் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்துக்குள்ளா வெளியிலா. இவற்றை நீங்கள் எழுதாவிட்டால் அவர் தொலைபேசியில் கேட்பார். பதிலில் தயக்கம் தெரிந்தால் பார்க்கவே வரமாட்டார்.

ஆங்கில வாசகருக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? சென்னையில் பல வீடுகளில் குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள் அல்லது வடிகட்டி வைத்திருக்கிறார்கள். இது நமக்குச் சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பழகிய செய்தி என்பதால்தான் விட்டுப்போகிறது. ஆங்கிலப் பாதியில் ஒரு வரி சேருங்கள்.

மழையைப் பற்றியும் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல் மழையிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, வண்டி நிறுத்துமிடத்துக்குள் வந்ததா என்று உரிமையாளரிடமும் காவலாளியிடமும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். இருவரும் சொல்வது ஒத்தால் எழுதிவிடுவேன். ஒத்துவராவிட்டால் எதிர்வீட்டில் கேட்பேன். "2023 மழையில் தெருவில் கணுக்கால் அளவு, பார்க்கிங்கில் தண்ணீர் வரவில்லை" என்று ஒரு வரி எழுதியதற்காக எந்த வீடும் காலியாகக் கிடந்ததை நான் பார்த்ததில்லை.

"குடும்பத்தினருக்கு மட்டும்", "சைவம் மட்டும்" என்பதைத் தமிழில் மட்டும் போட்டால் போதுமா?

உரிமையாளர் சிலர் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆங்கிலத்தில் பார்த்தால் கடுமையாகத் தெரியும் என்று அஞ்சுகிறார்கள். விளைவு என்ன ஆகிறது என்றால், ஆங்கிலம் மட்டும் படித்த இரண்டு இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து வந்து, வாசலில் நின்று, தங்களுக்கு இல்லை என்று அறிந்துகொள்கிறார்கள். இது அவர்களை அவமதிப்பது. அப்படி வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருமுறை நான் இருந்தேன். அதன் பிறகு, ஒரு மொழியில் மட்டும் நிபந்தனை வைக்கும் விளம்பரத்தை எழுத மறுத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் சொல்லக் கூசும் நிபந்தனையாக இருந்தால், அதை வைக்கத்தான் வேண்டுமா என்று உரிமையாளரிடம் கேட்பதுண்டு. சிலர் நீக்கியிருக்கிறார்கள்.

எந்த மொழியை முதலில் போடுவது? வரிக்கு வரி மாற்றி மாற்றி எழுதலாமா?

மாற்றி மாற்றி எழுத வேண்டாம். இருவருமே ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரியைத் தாண்டிப் படிக்க நேரும். ஒரு மொழியை முழுதாக முடித்து, ஒரு வெற்று வரி விட்டு, மற்றதைத் தொடங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் வாசல் பலகையிலும் தமிழ் முதலில். இணையத் தளங்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் தேடுவதால் தலைப்பும் முதல் பாதியும் ஆங்கிலம்.

எழுத்து வரம்பு இருந்தால் தமிழுக்கு அதிக இடம் ஒதுக்குங்கள். "வாடகைக்கு" என்பதில் நாம் எண்ணும் எழுத்து ஐந்து. கணினி உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் அதற்கு ஒன்பது. குறுஞ்செய்தியிலோ ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழ் கலந்துவிட்டால் 70. தமிழ்ப் பாதி வாடகைத் தொகைக்கு முன்பே அறுந்து நின்ற விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இடம், அறை எண்ணிக்கை, வாடகை ஆகிய மூன்றையும் முதல் இரண்டு வரிக்குள் முடித்துவிடுங்கள்.

தேதியை 05/07 என்று எழுதாமல் மாதப் பெயரோடு எழுதுங்கள். சிலர் அதை மே 7 என்று படிப்பார்கள். ஜூலைத் தேதி தெளிவாக இருப்பது தமிழ் வாசகருக்கும் உதவும். ஆடி பிறப்பதற்கு முன் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று நினைப்பவர் நாளைப் பார்த்தே முடிவு செய்துகொள்வார்.

முழு விளம்பரம் ஒன்றைக் காட்ட முடியுமா?

மேலே சொன்ன நங்கநல்லூர் ஃபிளாட்டுக்கு எழுதியது இது.

```
நங்கநல்லூரில் 2 படுக்கையறை ஃபிளாட் வாடகைக்கு
வாடகை ₹24,000, மெயின்டனன்ஸ் ₹2,500 தனி
அட்வான்ஸ் ₹72,000, மூன்று மாத வாடகை
பார்க்கிங்குக்கு மேல் முதல் மாடி, லிஃப்ட் உண்டு
உள்ளே புழங்கும் இடம் 720 சதுர அடி
வாசல் கிழக்கு, பால்கனி வடக்கு
நல்ல போர் தண்ணீர்; மெட்ரோ ஒரு நாள் விட்டு ஒரு நாள்
லாரித் தண்ணீர்ச் செலவு மெயின்டனன்ஸில் அடங்கும்
ஈ.பி. தனி மீட்டர்
பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடந்து 10 நிமிடம்
ஜூலை 1 முதல் குடிவரலாம்
```

```
2BHK flat for rent, Nanganallur
Rent ₹24,000 a month; maintenance ₹2,500 extra
Refundable deposit ₹72,000, equal to 3 months' rent
One floor above the ground-level car park; lift
Carpet area 720 sq ft
Front door faces east, balcony faces north
Borewell and Metro Water for washing and cooking;
residents buy drinking water in 20-litre cans
Tanker water, when needed, is in the maintenance
Own electricity meter, billed every two months
10 minutes' walk to Pazhavanthangal station
Available from 1 July
```

தமிழில் "ஈ.பி. தனி மீட்டர்" என்றதும் உரிமையாளர் யூனிட்டுக்குத் தன் விருப்பப்படி பணம் கேட்க மாட்டார் என்று வாசகர் புரிந்துகொள்கிறார், ஆங்கிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் வரும் என்பதையும் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் மாதந்தோறும் கட்டிப் பழகியவர் முதல் ரசீதைப் பார்த்துத் திடுக்கிடுவார். "நல்ல போர் தண்ணீர்" என்பதை ஆங்கிலத்தில் அப்படியே கொண்டுபோகவில்லை. உப்பில்லை என்று தமிழ் வாசகர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சொல், ஆங்கிலத்தில் குடிக்கத் தகுந்தது என்று ஆகிவிடும்.

இரண்டு பாதியும் சரியாக இருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எண்களைச் சரிபாருங்கள். அச்செடுத்த தாளில் தமிழ்ப் பாதியின் ஒவ்வொரு எண்ணையும் வட்டமிட்டு, ஆங்கிலப் பாதியில் அதன் இணையைத் தேடிக் கோடிட்டு இணைக்கிறேன். இணையில்லாத எண் மிஞ்சினால் ஏதோ விடுபட்டிருக்கிறது. பிழை பெரும்பாலும் முதல் முறை எழுதும்போது வருவதில்லை. பின்னால் திருத்தும்போது வருகிறது. ஒருமுறை உரிமையாளர் வாடகையை ஆயிரம் ரூபாய் குறைத்தபோது நான் தமிழில் மட்டும் மாற்றிவிட்டு ஆங்கிலத்தை மறந்துவிட்டேன். வீடு பார்க்க வந்த மகள் ஆங்கிலத்தில் 25,000 என்று படித்திருந்தார். உடன் வந்த அப்பா அதே கைப்பேசியை வாங்கிக் கீழே தள்ளித் தமிழில் 24,000 என்று படித்தார். சமையலறையில் நின்றபடி இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். குறைந்த தொகைக்கே வீடு போயிற்று. ஆனால் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் அந்த அப்பா இரண்டு முறை படித்தே கையெழுத்திட்டார்.

அடுத்து, வாசகத்தைத் தமிழ் மட்டும் படிக்கும் ஒருவரிடமும் தமிழ் அறியாத ஒருவரிடமும் தனித்தனியே தந்து, வீட்டைப் பற்றித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் இருவரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். குடிபுகும் நாளில் மொத்தம் எவ்வளவு பணம் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். மேலுள்ள விளம்பரத்துக்கு, முதல் மாத வாடகையும் மெயின்டனன்ஸும் அட்வான்ஸும் சேர்த்து 98,500 ரூபாய் என்று இருவரும் சொல்ல வேண்டும்.

விளம்பரம் வெளியான பின், வரும் அழைப்புகளில் எந்த மொழிக்காரர் எதைக் கேட்கிறார் என்று முதல் பத்து அழைப்புக்காவது குறித்து வையுங்கள். ஒரே கேள்வி ஒரு மொழியில் மூன்று முறை வந்து மற்றதில் வராவிட்டால், குறை அந்தப் பாதியில்தான் இருக்கிறது; அன்றே திருத்திவிடுங்கள். நங்கநல்லூர் விளம்பரத்தில் லாரித் தண்ணீரைப் பற்றிய வரி முதலில் ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலத்தில் அழைத்த மூவர் மெயின்டனன்ஸுக்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்ட பிறகே அதைச் சேர்த்தேன்.